'ரெண்டு' என்றொரு பண்டம் எங்களிடம் இல்லை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை கூப்பிட்டார். குரலில் கோபம் இருந்தது.

"என் நம்பரையே தப்புன்னு சொல்றானுங்கடா. பதினஞ்சு வருஷமா இதே நம்பர்தான். உங்க மாமா வாங்கிக் குடுத்தது. இது எப்படித் தப்பாகும்?"

விஷயம் இதுதான். வீட்டுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை என்று அத்தை வேறு செல்போன் நிறுவனத்துக்கு மாற நினைத்தார். நம்பர் மட்டும் மாறக்கூடாது. தெருமுனையில் இருக்கும் சிம் கடைப் பையன் வழி சொன்னான்: "நம்பரை 1900-க்கு மெசேஜ் போடுங்கம்மா. ஒரு கோடு வரும். அதை எடுத்துக்கிட்டு ஆதாரோட வாங்க." அத்தை சொன்னதைச் சொன்னபடி செய்பவர். தன் நம்பரை டைப் செய்து 1900-க்கு அனுப்பினார். அவர் அனுப்பியது இவ்வளவுதான். நம்பரின் நடுப்பகுதியை மட்டும் நான் மறைத்திருக்கிறேன்:

```
98XXXXXX21
```

சில நொடிகளில் ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. அதை ஒவ்வோர் எழுத்தாக எனக்குப் படித்துக் காட்டினார். "ஐ, என், வி, ஏ, எல், ஐ, டி... அப்புறம் கே, இ, ஒய்..." நான் தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். Invalid keyword. அதாவது, கீவேர்டு செல்லாது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அத்தைக்கு அந்த முதல் வார்த்தையின் பொருள் தெரியும். 'செல்லாது' என்கிறார்கள். தான் அனுப்பியதோ நம்பர் ஒன்றைத்தான். அப்படியானால் செல்லாதது நம்பராகத்தானே இருக்க வேண்டும்? இப்படி நினைப்பதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் அது உண்மையில்லை. அவருடைய நம்பரை அந்த இயந்திரம் நம்பராகப் பார்க்கவே இல்லை.

டீக்கடைக்குப் போய் "ரெண்டு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். மாஸ்டர் நிமிர்ந்து பார்ப்பார். "ரெண்டு என்ன? டீயா, காபியா?" என்பார். தினமும் போகிறவரென்றால் அதையும் கேட்கமாட்டார்; ரெண்டு டீ தானாக வரும். அந்த இடத்தில் ஒரு இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது, 'முதலில் காதில் விழுவது பண்டத்தின் பெயர், அடுத்தது எண்ணிக்கை' என்று மட்டும் அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் "ரெண்டு" என்றதும் அது பட்டியலைப் புரட்டிவிட்டுப் பதில் சொல்லும்: 'ரெண்டு' என்றொரு பண்டம் எங்களிடம் இல்லை.

அத்தைக்கு வந்த பதில் இந்த ரகம்தான்.

நாம் அனுப்பும் எஸ்.எம்.எஸ். முதலில் நம் செல்போன் நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்துக்குப் போகிறது. பெறுநர் ஒரு மனிதராக இருந்தால் அங்கிருந்து அவருடைய போனுக்குப் போகும். 1900 போன்ற சேவை எண்ணாக இருந்தால் அந்தச் சேவைக்கென்று வைத்திருக்கும் ஒரு கணினியிடம் போகும். அந்தக் கணினிக்குக் கிடைப்பவை மூன்று: யார் அனுப்பியது, எந்த எண்ணுக்கு அனுப்பியது, என்ன எழுதியிருக்கிறது. இதில் முதலாவதை நாம் டைப் செய்வதில்லை, நெட்வொர்க்கே ஒட்டி அனுப்புகிறது. மூன்றாவதைக் கணினி கூறு போடுகிறது. முன்னும் பின்னும் இருக்கும் காலி இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, முதல் இடைவெளி எங்கே வருகிறதோ அங்கே செய்தியை இரண்டாக நறுக்குகிறது. இடைவெளிக்கு முன்னால் இருக்கும் துண்டுதான் கீவேர்டு. அதைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இருந்தால் அடுத்த துண்டைப் பார்க்கும். இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு மறுப்பை அனுப்பிவிடும். எஸ்.எம்.எஸ். சேவைகள் பெரும்பாலும் வேலை செய்யும் முறை இது.

அத்தையின் செய்தியில் இடைவெளியே கிடையாது. ஆகவே பத்து இலக்கமும் ஒரே துண்டாகக் கீவேர்டின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டன. "98-ல் ஆரம்பிக்கும் இந்தக் கீவேர்டு எங்கள் பட்டியலில் இல்லை" என்றது கணினி. அந்த நம்பர் யாருடையது, உயிரோடு இருக்கிறதா, பாக்கி உண்டா என்ற கேள்விகளெல்லாம் இன்னும் எழவே இல்லை. வாசலைத் தாண்டவே விடாதபோது உள்ளே யார் விசாரிப்பார்கள்?

ஆகவே, பிழைச் செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அது எதைத் தவறு என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பதை. கீவேர்டு, ஃபார்மட், சின்டாக்ஸ் என்ற சொற்களில் ஏதாவது இருந்தால் குறை உங்கள் எண்ணிலோ கணக்கிலோ இல்லை, எழுதிய விதத்தில் இருக்கிறது. அப்படியொரு பதில் வந்தால் உங்கள் பெயரில் எந்த விண்ணப்பமும் பதிவாகவில்லை, எந்தக் கெடுவும் ஓடத் தொடங்கவில்லை. திருத்தி உடனே மறுபடி அனுப்பலாம். "தப்பா அனுப்பிட்டேன், பிளாக் பண்ணிடுவாங்களோ" என்று அத்தை பயந்தார். அப்படி ஏதும் நடக்காது.

"இவ்வளவு கம்ப்யூட்டர் வச்சிருக்கானுங்க, ஒரு நம்பர் வந்தா அது எதுக்குன்னு புரிஞ்சுக்க முடியாதா?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. 1900 விஷயத்தில் அதற்குக் கெட்டியான ஒரு பதில் உண்டு. அந்த எண்ணுக்கு இரண்டு கட்டளைகள் போகின்றன. ஒன்று PORT, நிறுவனம் மாறுவதற்கு. இன்னொன்று CANCEL. புதிய நிறுவனத்திடம் விண்ணப்பம் கொடுத்த பிறகு மனம் மாறினால், 24 மணி நேரத்துக்குள் அதைத் திரும்பப் பெற இந்தக் கட்டளையை அனுப்ப வேண்டும். இரண்டுமே ஒரே அமைப்புதான்: கட்டளைச் சொல், இடைவெளி, பத்து இலக்க எண். முதல் சொல்லை எடுத்துவிட்டால் 'போகிறேன்', 'போகவில்லை' இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இதில் கணினி யூகம் செய்யத் தொடங்கினால் வம்பு. அது மறுப்பதே நமக்கு நல்லது.

ஆனால் எல்லாப் பகுதியும் இப்படிக் கட்டாயமானவை அல்ல. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள 7738299899 என்ற எண்ணுக்கு அனுப்பும் செய்தி பலருக்கும் பழக்கமானது:

```
EPFOHO UAN TAM
```

கடைசியில் இருக்கும் TAM என்பது பதில் தமிழில் வேண்டும் என்பதற்கு. அதை விட்டுவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. பதில் ஆங்கிலத்தில் வரும், அவ்வளவுதான். காரணம், மொழி சொல்லாவிட்டால் ஆங்கிலம் என்று அங்கே முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். முதல் சொல்லுக்கு அப்படி ஒரு மாற்று ஏற்பாடு செய்ய முடியாது. டீயில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லாவிட்டால் மாஸ்டர் தன் கணக்குப்படி போட்டுக் கொடுத்துவிடுவார். டீ என்பதையே சொல்லாவிட்டால்?

அத்தையின் கதைக்கு வருவோம். அந்தப் பிழைச் செய்தியின் இரண்டாம் வரி என்றேனே, அதில் சரியான முறையும் இருந்தது. எழுத்து எழுத்தாகக் கேட்டு நான் எழுதிக்கொண்டது இப்படி:

```
PORT<space>mobile number
```

"இதைப் பார்த்து அப்படியே அனுப்புங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது என் தப்பு. பத்து நிமிடத்தில் மறுபடி போன். "இப்பவும் தப்புங்குதுடா." என்ன அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

```
PORT space 98XXXXXX21
```

அப்படியே அனுப்பச் சொன்னேன், அப்படியே அனுப்பியிருக்கிறார். கூம்புக் குறிகள் தன் போன் கீபோர்டில் எங்கே இருக்கின்றன என்று தேடிவிட்டு, கிடைக்காததால் அவற்றை மட்டும் விட்டிருக்கிறார்.

கூம்புக் குறிகளுக்குள் ஒன்றை எழுதினால், 'இதை எழுத்துக்கு எழுத்து அடிக்காதே, இது சுட்டுவதை இந்த இடத்தில் போடு' என்று பொருள். இது கணினிக் கையேடுகளில் வழங்கும் மரபு. அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு மூச்சு விடுவதுபோல இயல்பாகிவிட்டதால், வெளியே இருப்பவருக்கு இது தெரியாது என்பதே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இத்தனைக்கும் அந்த ஒரே வரிக்குள் இரண்டு விதமான மரபு இருக்கிறது. space என்ற சொல்லைக் குறிகளுக்குள் வைத்தவர்கள், mobile number என்பதை வைக்கவில்லை. அங்கே மட்டும் நாமே புரிந்துகொண்டு எண்ணைப் போட வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு கேள்வித்தாள் வந்தால் பெற்றோர் சும்மா விடமாட்டார்கள்.

இந்த இரண்டாவது முயற்சிக்கு வந்த பதில் முதலாவதைப் போலவே தோன்றினாலும் ஒன்று இல்லை. கீவேர்டு என்ற சொல் இப்போது அதில் காணவில்லை. எண்ணைச் சரியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தது. அத்தைக்கு இரண்டும் 'தப்பு' என்றே பட்டது. நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது, நாம் ஒரு படி ஏறியிருக்கிறோம் என்று. முதல் துண்டு PORT. அது பட்டியலில் இருக்கிறது, வாசல் திறந்துவிட்டது. அடுத்து பத்து இலக்கத்தை எதிர்பார்த்த இடத்தில் s, p, a, c, e என்ற ஐந்து எழுத்துகள் வந்து நின்றிருக்கின்றன. பிழைச் செய்தி மாறியிருந்தால் அது முன்னேற்றம். அதே செய்தி எழுத்து மாறாமல் திரும்ப வந்தால், நீங்கள் திருத்தியது அது கேட்ட இடத்தை அல்ல.

ஒழுங்காக ஓர் உதாரணம் கொடுத்திருந்தால் இந்தச் சிரமமே இருந்திருக்காது. அனுப்பியவரின் எண்தான் கணினிக்குத் தெரியுமே! அதையே போட்டு, இதோ இப்படி அனுப்புங்கள் என்று முழு வரியையும் எழுதிக் காட்டியிருக்கலாம். அத்தை அதை அப்படியே நகலெடுத்து அனுப்பியிருப்பார்.

ஏன் இத்தனை சிக்கனம், ஏன் தமிழில் இல்லை என்பதற்கு எஸ்.எம்.எஸ். பிறந்த காலத்துக் கணக்கு ஒன்று காரணம். ஒரு குறுஞ்செய்திக்கு ஒதுக்கிய இடம் 140 பைட். ஒரு பைட் என்பது 8 பிட், மொத்தம் 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றை 7 பிட்டுக்குள் அடக்கிவிடலாம் என்பதால் 160 எழுத்துகள் கிடைக்கின்றன. தமிழ் எழுத்துகளுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் வேண்டும். அதனால் 70 தான். அதிலும் தமிழில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து கணினிக்குள் பெரும்பாலும் இரண்டு. 'அனுப்பவும்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஆறு எழுத்து. 'னு' என்பது ன-வும் உகரக் குறியும், 'ப்' என்பது ப-வும் புள்ளியும் என்று பிரித்து எண்ணினால் பத்து. அந்த ஒரு சொல்லே எழுபதில் பத்தைத் தின்றுவிடுகிறது. நீளமான செய்திகளைத் துண்டுகளாக அனுப்பிப் போனில் ஒன்றாகக் கோக்கும் வசதி வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு துண்டும் தனிச் செய்தியாகவே கணக்கில் ஏறும். இது காரணம் என்று சொல்கிறேன், மன்னிப்பு என்று சொல்லவில்லை.

இதே காரணத்தை ஒட்டி இன்னொரு தடுக்கல் உண்டு. போனில் தமிழ் கீபோர்டு திறந்திருக்கும்போது சிலர் 'போர்ட்' என்றே அடித்துவிடுகிறார்கள். நமக்கு ஒரே ஒலி. கணினிக்கு வேறு சரக்கு. சில போன்களில் தானாகத் திருத்தும் வசதி, அகராதியில் இல்லாத EPFOHO போன்ற சொற்களை அதற்குத் தோன்றியபடி மாற்றிவிடுவதும் நடக்கும். இடைவெளியை விட்டுவிட்டு PORT-ஐயும் எண்ணையும் ஒட்டி அடித்தால், 'PORT98...' என்ற நீளமான சொல்லே கீவேர்டாகிவிடும். பார்ப்பவருக்குக் கீவேர்டு இருப்பதுபோலத் தெரியும், இயந்திரத்துக்கு இருக்காது. அனுப்பு என்பதை அழுத்தும் முன் ஒரு முறை உற்றுப் பார்ப்பது நல்லது. அனுப்பிய பிறகு பிழை வந்தால், நினைவிலிருந்து தேடாமல் அனுப்பிய செய்தியையே திறந்து பார்க்க வேண்டும். நாம் என்ன அனுப்பினோம் என்று நாம் நினைப்பதும் உண்மையில் போனதும் பல நேரம் வேறு வேறு.

மூன்றாம் முறை நான் போனிலேயே இருந்து சொன்னேன். "ஆங்கில கீபோர்டு வைங்க அத்தை. பி, ஓ, ஆர், டி. இப்போ கீழே நீளமா ஒரு பட்டன் இருக்கா? அதை ஒரு தடவை அமுக்குங்க. இப்போ நம்பர்."

```
PORT 98XXXXXX21
```

"ரெண்டு சிம் போட்டிருக்கீங்களா?" என்றும் கேட்டேன். இல்லையாம். இருந்தால் அதுவும் கவனிக்க வேண்டிய விஷயம். எந்த எண்ணை மாற்ற வேண்டுமோ அந்த எண்ணிலிருந்தே செய்தி போக வேண்டும். இரண்டு சிம் உள்ள போன்கள் எப்போதும் பயன்படுத்தும் சிம்மிலிருந்து சத்தமில்லாமல் அனுப்பிவிடும். நெட்வொர்க்குக்கு எண் தெரிந்திருந்தும் ஏன் நம்மையும் டைப் செய்யச் சொல்கிறார்கள் என்று தோன்றலாம். வந்த எண்ணும் எழுதிய எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க அது உதவுகிறது.

பதில் வந்தது. அத்தை சந்தோஷமாகப் படிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்தினார். கோடு இல்லை. மறுபடியும் மறுப்பு. ஆனால் இந்த முறை எழுத்து முறையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சிம் மாற்றி ஏழு நாள் ஆகவில்லை என்று இருந்தது.

முந்தைய ஞாயிற்றுக்கிழமை அத்தை பஸ் ஸ்டாண்டில் போனைத் தொலைத்திருந்தார். திங்கள்கிழமை அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கியிருந்தார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் டிராய் விதிப்படி, தொலைந்த அல்லது பழுதான சிம்முக்குப் பதில் வேறு சிம் வாங்கினால் ஏழு நாள் கழியும் வரை நிறுவனம் மாறுவதற்கான கோடு தரமாட்டார்கள். உங்கள் எண்ணுக்கு உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவர் சிம் வாங்கி, உடனே அதை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோய்விட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். அதைத் தடுப்பதற்கான ஏழு நாள் அது. அத்தைக்கு இடைஞ்சல்தான், ஆனால் இது எனக்கு நியாயமாகவே படுகிறது.

இந்த மூன்றாம் பதில், முதல் இரண்டோடு இனத்தால் வேறுபட்டது. முதல் இரண்டும் வாசலில் நிற்கும் கணினி சொன்னவை. இது உள்ளே விசாரித்துவிட்டுச் சொன்னது. சரியான அமைப்பில் வந்த PORT செய்தி, எண் மாற்றச் சேவையை நடத்தும் தனி நிறுவனத்துக்குப் போகிறது. 2019 டிசம்பர் 16-க்குப் பிறகு கோடு உருவாக்குவது அவர்கள் பொறுப்பு. அதற்கு முன் இப்போதைய செல்போன் நிறுவனமே அதைச் செய்துவந்தது. அவர்கள் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறார்கள். இந்த நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகிவிட்டதா, போஸ்ட்பெய்டு என்றால் கெடு கடந்த பாக்கி உண்டா, எண்ணை வேறொருவர் பெயருக்கு மாற்றும் வேலை நடுவில் நிற்கிறதா என்பது போன்றவை. இவற்றில் ஒன்றில் தட்டினால் வரும் மறுப்புக்கு, செய்தியை எத்தனை விதமாகத் திருத்தி எழுதினாலும் பயனில்லை. பாக்கி என்றால் கட்ட வேண்டும், நாள் என்றால் காத்திருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் இருபது முறை அதே செய்தியை அனுப்பிவிட்டு வாடிக்கையாளர் சேவையோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு ரகமும் உண்டு. பெயருக்குக் கூட அது பதில் இல்லை. செய்திக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குறி போட்டு 'அனுப்ப முடியவில்லை' என்று போனே சொல்வது. அது எந்தச் சேவைக் கணினியும் சொன்னதல்ல. உங்கள் செய்தி போனைவிட்டு ஒழுங்காக வெளியேறவில்லை. பேலன்ஸ் இல்லாமல் இருக்கலாம், சிக்னல் இல்லாமல் இருக்கலாம். அப்போது கீவேர்டைத் திருத்திக்கொண்டிருப்பது வீண். ஒரு காலத்தில் குறைந்த விலை ரீசார்ஜ் திட்டங்களில் எஸ்.எம்.எஸ். வசதியே இல்லாததால் பலரால் 1900-க்குச் செய்தி அனுப்ப முடியவில்லை. நிறுவனத்தைவிட்டுப் போக வேண்டுமென்றால் முதலில் அதே நிறுவனத்திடம் பெரிய ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்ற வேடிக்கை. 2021 டிசம்பரில் டிராய் தலையிட்டு, எந்தத் திட்டத்தில் இருந்தாலும் 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதி கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டது.

பதில் எதுவுமே வராமல் இருப்பதும் நடக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, சரியான எண்ணுக்குத்தான் அனுப்பினோமா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், பிழைச் செய்தி என்ற பெயரில் ஒரு லிங்க்கை அழுத்தச் சொல்லியோ, கோடு வந்ததும் 'திருத்தித் தருகிறோம், படித்துச் சொல்லுங்கள்' என்று போன் செய்தோ யாராவது கேட்டால் பேச்சைத் தொடராதீர்கள். கீவேர்டு விட்டுப்போன செய்திக்கு வரும் உண்மையான பதில், சரியாக எழுதி அதே எண்ணுக்கு மறுபடி அனுப்பச் சொல்லும். அதற்குமேல் அதற்கு நம்மிடம் வேலை கிடையாது.

"அப்போ எப்ப அனுப்பணும்?" என்றார் அத்தை. திங்கள்கிழமை வாங்கிய சிம். எதற்கும் ஒரு நாள் தள்ளி, அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பச் சொன்னேன். காலண்டர் தாளில் குறித்து வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காபி குடித்த கையோடு அனுப்பியிருக்கிறார். பதில் 1901 என்ற எண்ணிலிருந்து வந்தது. அத்தை அதைப் பார்த்துச் சற்றுச் சந்தேகப்பட்டு என்னைக் கேட்டார். நாம் அனுப்புவது 1900, கோடு வருவது 1901-இலிருந்து, அது சரிதான். எட்டு எழுத்தும் எண்ணுமாகக் கலந்த கோடு. முதல் இரண்டு எழுத்துகள், இப்போது எந்த நிறுவனத்தில், எந்த வட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்பவை. கோடு நான்கு நாள் செல்லும். அசாம், வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர் வட்டங்களில் மட்டும் முப்பது நாள். ஜம்மு காஷ்மீரின் ப்ரீபெய்டு வாடிக்கையாளர்கள் எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்குப் பதில் 1900-ஐ அழைத்துப் பேச வேண்டும். அங்கே கீவேர்டு மறந்துபோகும் வாய்ப்பே இல்லை.

அத்தை புதன்கிழமையே கோட்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஒரே வட்டத்துக்குள் மாறுவதென்றால் மூன்று வேலை நாள் என்று விதி. சனிக்கிழமை புது சிம்மில் சிக்னல் வந்துவிட்டது. கடைப் பையனிடம் நடந்ததைச் சொல்லி ஒரு பிடி பிடித்திருக்கிறார். இப்போது அவன் கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் PORT, அதற்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம், அதற்கடுத்துப் பத்துச் சின்னக் கட்டங்கள். கடந்த முறை ஊருக்குப் போனபோது பார்த்தேன்.